கிரக யுத்தத்தில் வென்றது யார்? கட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்வதில் நேரும் தவறுகள்

2020 டிசம்பர் 21 மாலை, மேற்கு வானத்தில் குருவும் சனியும் கிட்டத்தட்ட ஒட்டி நின்றன. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 6 கலை. முழு நிலவின் அகலம் சுமார் 30 கலை என்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டு கிரகங்கள் ஒரு பாகைக்குள் நெருங்கி நிற்பதுதான் கிரக யுத்தம். அது எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சமீப காலத்தில் கிடையாது. அன்று பிறந்த குழந்தைகளின் ஜாதகத்தில் "குரு வென்றார்" என்றும் "சனி வென்றார்" என்றும் மாற்றி மாற்றிச் சொல்லப்படுகிறது. சில ஜாதகங்களில் யுத்தமே இல்லை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் எல்லாம் வரிசையாக வெளியே வந்துவிடும்.

யுத்தம் செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஐந்துக்குள் மட்டும்தான். சூரியனோடு நெருங்கினால் அது அஸ்தங்கம். சந்திரனோடு சேர்ந்தால் சமாகமம். ராகு, கேதுவுக்கு ஒளியும் இல்லை, வானத்தில் தெரியும் வட்டமும் இல்லை, அதனால் அவை இந்தக் கணக்கிலேயே வராது. இதுவரை யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அந்த "ஒரு பாகை"யில் ஆரம்பிக்கிறது.

எந்த ஒரு பாகை?

ஜாதகத்தில் அச்சாவது ஸ்புடம். அதாவது, ராசிச் சக்கரத்தில் கிழக்கு மேற்காகக் கிரகம் எங்கே இருக்கிறது என்ற அளவு. இரண்டு ஸ்புடங்களைக் கழித்து, ஒரு பாகைக்குள் வந்தால் யுத்தம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் கிரகத்துக்கு வடக்கு தெற்காகவும் ஒரு விலகல் உண்டு. அதுதான் விட்சேபம். சுக்கிரனுக்கு இது சில சமயம் 8 பாகையைத் தாண்டும். சுக்கிரனும் புதனும் ஒரே பாகை, ஒரே கலையில் அச்சாகியிருக்கும், வானத்தில் பார்த்தால் நடுவே பத்து நிலவுகளை வரிசையாக வைக்கும் அளவுக்கு இடம் இருக்கும். அதை யுத்தம் என்று சொல்ல முடியாது.

சூரிய சித்தாந்தம் இதற்கென்றே கிரக யுதி என்ற 7-ஆம் அத்தியாயத்தை வைத்திருக்கிறது. அங்கே கணக்கு போகும் முறையே வேறு. முதலில் இரண்டு கிரகங்களும் ஒரே இடத்துக்கு வரும் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு இரண்டின் விட்சேபத்தை எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் கழிக்க வேண்டும், எதிர்த் திசைகளில் இருந்தால் கூட்ட வேண்டும். அப்படிக் கிடைக்கும் வடக்கு தெற்கு இடைவெளியை வைத்துத்தான் வட்டங்கள் தொடுகின்றனவா, ஒன்றை ஒன்று மறைக்கிறதா, கதிர்கள் கலக்கின்றனவா, ஒரு பாகைக்குள் இருக்கின்றனவா என்று பிரிக்கிறது. இன்று நாம் பார்க்காமல் விடும் அளவுதான் அங்கே மையம்.

2020-இல் குரு, சனி இரண்டுமே சூரியனின் பாதையான கிராந்தி வட்டத்துக்குத் தெற்கே ஏறக்குறைய அரை பாகையில் இருந்தன. இரண்டும் ஒரே பக்கம் என்பதால் கழிக்கிறோம், 6 கலை கிடைக்கிறது. சந்தேகமில்லாத யுத்தம். சேர்க்கைக்கு எட்டு ஒன்பது நாள் முன்பிருந்தே ஸ்புட வித்தியாசமும் ஒரு பாகைக்குள் வந்துவிட்டது, அதே அளவு நாட்கள் பின்பும் நீடித்தது.

விட்சேபம் தெரிய ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வான வரைபட மென்பொருள் போதும். கிரகத்தைச் சொடுக்கினால் `Ecl. long./lat.` என்ற வரியில் இரண்டாவதாக இருக்கும் எண் அது. கூட்டல் என்றால் வடக்கு, கழித்தல் என்றால் தெற்கு. அங்கேயே `Magnitude` என்று ஒளி அளவும் இருக்கும். எண் குறையக் குறைய ஒளி அதிகம். அடுத்து வரும் விஷயத்துக்கு அது வேண்டும்.

ஸ்புடம் குறைந்தவர் ஜெயித்தார் என்ற விதி

"யாருடைய பாகை குறைவோ அவர் வென்றவர்." இப்போது அதிகம் புழங்குவது இந்த விதிதான், ஏனென்றால் ஜாதகத்தை விட்டு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. இதை 2020-க்குப் போட்டுப் பாருங்கள். வேகமான குரு பின்னாலிருந்து வந்து சனியைத் தாண்டினார். தாண்டியது டிசம்பர் 21 இரவு, நம் நேரப்படி சுமார் 11.50-க்கு. அதுவரை குருவின் ஸ்புடம் குறைவு, குரு வென்றவர். பிறகு சனியின் ஸ்புடம் குறைவு, சனி வென்றவர். 20-ஆம் தேதி மாலையும் 22-ஆம் தேதி மாலையும் வானத்தைப் பார்த்தவருக்கு, இரண்டின் ஒளியிலும் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. குரு பளிச்சென்றுதான் இருந்தார், சனி மங்கலாகத்தான் இருந்தார். யார் யாரைத் தாண்டினார் என்பதைத் தவிர இந்த விதி எதையும் சொல்வதில்லை.

பழைய நூல்கள் தோல்வியை எப்படி அடையாளம் சொல்கின்றன? தெற்கே இருப்பது, சிறுத்துப் போவது, ஒளி குன்றுவது, நிறம் மாறுவது, மறைக்கப்படுவது. வென்றவர் வடக்கே, பெரிதாக, பிரகாசமாக இருப்பார். எல்லாமே கண்ணால் காணும் குறிகள். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலும் 17-ஆம் அத்தியாயம் இதையே சொல்லிவிட்டு ஒரு முக்கியமான விலக்கைச் சேர்க்கிறது: பெரிதாக, ஒளியோடு இருப்பவர் தெற்கே இருந்தாலும் வென்றவரே.

இந்த விலக்கைப் படிக்காமல் "வடக்கே இருப்பவர் வென்றார்" என்று மட்டும் பிடித்துக்கொள்வது அடுத்த தவறு. 2020-இல் வடக்கே இருந்தது சனி. ஆனால் குருவின் ஒளி அளவு சுமார் -2.0, சனியுடையது சுமார் 0.6. அதாவது குரு பத்து மடங்குக்கு மேல் பிரகாசம். வட்டத்தின் அளவும் குருவுக்கு இரு மடங்கு. திசை ஒரு பக்கம், ஒளியும் உருவமும் இன்னொரு பக்கம் என்றால், இந்த நூல்களின்படி ஒளியும் உருவமும்தான் நிற்கும். என் தீர்ப்பு, குரு வென்றார்.

இங்கே ஒரு எதிர்ப்பு கட்டாயம் வரும். "மகரத்தில் குரு நீசம், சனி ஆட்சி, நீசமானவர் எப்படி ஜெயிப்பார்?" என்பார்கள். நீசமும் ஆட்சியும் ஸ்தான பலம் சம்பந்தப்பட்டவை. யுத்தத்தில் யார் வென்றார் என்பதைக் காட்சி முடிவு செய்கிறது. பராசர ஹோரையின் முறையில், அதன் பிறகுதான் இருவரின் பலங்களுக்கு உள்ள வித்தியாசத்தை வென்றவருக்குக் கூட்டி, தோற்றவருக்குக் கழிக்கிறோம். நீசத்தை வைத்துத் தோற்றவரைத் தீர்மானித்து, அதே நீசத்தை மறுபடியும் பலக் கணக்கில் கழித்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை தண்டனை கொடுத்ததாகும்.

பஞ்சாங்கம் மாறினால் யுத்தமே மறையும்

தமிழ்நாட்டில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் புழங்குவதால் இதை யாரும் தவிர்க்க முடியாது. 2020-இல் திருக்கணிதப்படி சனி ஜனவரி 24-ஆம் தேதியே மகரத்துக்கு வந்துவிட்டார். வாக்கியப்படி அவர் பெயர்ந்தது டிசம்பர் 27. திருநள்ளாறில் சனிப்பெயர்ச்சி விழா நடந்ததும் அன்றுதான். குரு இரண்டு கணக்கிலும் நவம்பரிலேயே மகரத்துக்கு வந்தாயிற்று. ஆக, டிசம்பர் 21 அன்று வாக்கிய ஜாதகத்தில் குரு மகரத்தில், சனி தனுசுவின் கடைசியில். இருவருக்கும் நடுவே பல பாகைகள். யுத்தம் இல்லை. அதே மாலையில் வெளியே வந்து மேற்கே பார்த்தால் இருவரும் ஒட்டி நிற்கிறார்கள்.

வாக்கியத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோயில் வழக்கும் விரத நாட்களும் அதன்படி நடப்பது ஒரு மரபு. ஆனால் கிரக யுத்தம் கண்ணுக்குத் தெரியும் காட்சியை வைத்துச் சொல்லப்பட்ட விஷயம். ஒளி, நிறம், வட்டம் என்று பேசும் விதியை, வானத்தில் கிரகம் இல்லாத இடத்தைக் காட்டும் ஸ்புடத்துக்குப் பொருத்தவே முடியாது. ராசிக் கட்டத்தை எந்தப் பஞ்சாங்கப்படி போட்டாலும், யுத்தத்தை மட்டும் திருக்கணிதப்படிதான் பார்க்க வேண்டும். சரி, திருக்கணிதத்தில் யுத்தம், வாக்கியத்தில் இல்லை என்றால்? யுத்தம் உண்டு என்றே சொல்லுங்கள்.

சுக்கிரனும் அந்த பிம்ப அட்டவணையும்

சுக்கிரன் வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் பெரும்பாலும் அவரே வெல்வார் என்கிறது சூரிய சித்தாந்தம். "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள், அது விட்டுப்போகக் கூடாது. 2022 மே 1 விடியற்காலையில் கிழக்கே சுக்கிரனும் குருவும் மீனத்தில் கால் பாகைக்குள் நின்றார்கள். சுக்கிரன் தெற்கே. ஒளி சுக்கிரனுக்கு -4.1, குருவுக்கு -2.1, கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். தொலைநோக்கியில் குருவின் வட்டம்தான் பெரிது, ஆனால் வெறும் கண்ணுக்கு ஒளி கூடியதே பெரிதாகத் தெரியும். இந்த விதிகளைச் சொன்னவர்கள் பார்த்தது வெறும் கண்ணால். சுக்கிரன் வென்றார்.

இதில் குருதான் வென்றார் என்று வாதிடுபவர்கள் கிரக பலத்தைக் கணக்கிடும் ஷட்பலப் புத்தகங்களில் வரும் பிம்ப அளவுகளை, அதாவது வட்டத்தின் அகலங்களைக் காட்டுவார்கள்: செவ்வாய் 9.4, புதன் 6.6, குரு 190.4, சுக்கிரன் 16.6, சனி 158 விகலைகள். இந்த அட்டவணையை வானத்தோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். ஒவ்வொரு கிரகத்தையும், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் கொண்டுவந்து வைத்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, ஏறக்குறைய அந்த அளவுகள் இவை. குரு அவ்வளவு அருகில் வருவதே இல்லை. உண்மையில் அவர் வட்டம் 50 விகலையைத் தாண்டாது, சனியின் வட்டம் 20 விகலை அளவிலேயே நின்றுவிடும். சுக்கிரன் பூமிக்கு அருகே வரும்போது 60 விகலைக்கும் மேல் போவார். பலத்தை வகுக்க அந்த அட்டவணையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது அந்த முறைக்கு உட்பட்டது. வென்றவரைத் தேர்ந்தெடுக்க அதை எடுக்காதீர்கள். எடுத்தால் குரு ஒருநாளும் தோற்கவே மாட்டார்.

ஒளி ஏறக்குறைய சமமாக இருந்தால் என்ன செய்வது? அப்போதுதான் திசை முன்னுக்கு வருகிறது. 2022 ஏப்ரல் 5 விடியற்காலையில் செவ்வாயும் சனியும் மகரத்தின் 28-ஆம் பாகை அருகே சேர்ந்தார்கள். இடைவெளி சுமார் 19 கலை. செவ்வாயின் பரம உச்சம் அந்த 28-ஆம் பாகைதான் என்பதால், பார்த்தவுடனே "செவ்வாய் ஜெயித்தார்" என்று சொல்லத் தோன்றும். ஒளி அளவைப் பார்த்தால் இருவரும் 1-ஐ ஒட்டியே, கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். வடக்கே நின்றது சனி. வென்றதும் சனிதான். செவ்வாயின் உச்ச பலம் அவருடைய ஸ்தான பலத்தில் அப்படியே இருக்கும், யுத்தத்துக்கு உரியதை மட்டும் பலக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.