திறாங்கு, நிலை, சுவர்: விரித்துப் பார்த்தாலும் தாங்கும் ரெண்டர்

வீட்டின் முழு முகப்பைக் காட்டும் ரெண்டரில் கதவு வெறும் பழுப்புப் பலகையாக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டைத் திருத்தக் கொடுப்பவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பவர்கள். படம் போனதும் அவர்கள் முதலில் செய்வது, இரண்டு விரலால் விரித்து அப்பப்பா காலத்துத் திறாங்கு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது. அந்த ஒரு படத்துக்காக நான் செய்யும் முறைதான் இது. பிளெண்டரில் ஒரு கதவை வடிவமைக்கவும் Cycles-இல் ரெண்டர் எடுக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு முதிரைக் கதவை வைத்துக்கொள்வோம். இரட்டைக் கதவு, பித்தளைத் திறாங்கு, பித்தளைப் பிணைச்சல், சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். நமக்கு வேண்டியது திறாங்கும், நிலையின் ஓரமும், நிலை சுவரோடு சேரும் இடமும் ஒன்றாகத் தெரியும் ஒரு படம்.

முதலில் ஒரு கணக்கு

எதையும் வடிவமைக்க முன் கமராவை வையுங்கள். ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை பிக்சல் கிடைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், மீதி முடிவுகளை எல்லாம் அந்த எண்ணே சொல்லிவிடும்.

```
frame_mm  = 36 * distance_mm / focal_mm
px_per_mm = width_px / frame_mm
```

36 என்பது பிளெண்டர் கமராவின் வழக்கமான சென்சர் அகலம். 85 மி.மீ. லென்ஸ், 600 மி.மீ. தூரம் என்றால் படத்துக்குள் வருவது ஏறக்குறைய 254 மி.மீ. அகலம். 1920 பிக்சல் அகலத்தில் ரெண்டர் எடுத்தால் மில்லிமீற்றருக்கு 7.6 பிக்சல்.

இனி ஒவ்வொன்றையும் இந்த எண்ணோடு பெருக்கிப் பாருங்கள். அரை மில்லிமீற்றர் மழுங்கல் 4 பிக்சல், அது கண்ணுக்குத் தெரியும். 0.1 மி.மீ. கீறல் ஒரு பிக்சலுக்கும் குறைவு, அதை வடிவமைத்து நேரத்தை வீணாக்கவேண்டாம். மூன்று பிக்சலுக்கு மேல் வருவதை நான் உண்மையான வடிவமாகவே செய்வேன். அதற்குக் குறைந்ததை டெக்ஸ்சரில் விட்டுவிடுவேன்.

டெக்ஸ்சருக்கும் இதே கணக்குத்தான். 4096 பிக்சல் மரப் படத்தை ஒரு மீற்றருக்கு விரித்தால் மில்லிமீற்றருக்கு 4.1 தான் கிடைக்கும். நமக்குத் தேவை 7.6. அதனால்தான் மரம் பனிமூட்டமாகத் தெரிகிறது. ரெண்டர் அமைப்பில் எதை ஏற்றினாலும் இது சரிவராது. அதே படத்தை அரை மீற்றருக்குள் அடக்குங்கள், 8.2 வந்துவிடும். தூரத்துக் காட்சியில் அது திரும்பத் திரும்ப வருவது தெரியும், ஆனால் 254 மி.மீ. அகலக் காட்சியில் தெரியாது.

விளிம்பு: அதிக நேரம் பிடிக்கும் படி

உலகத்தில் கத்திமுனை போன்ற மர விளிம்பு கிடையாது. சீவுளி இழுத்த தச்சரே கடைசியில் முனையை லேசாகத் தட்டிவிடுவார். அந்த மழுங்கலில் விழும் மெல்லிய ஒளிக்கோடுதான் அது மரம் என்று கண்ணுக்குச் சொல்கிறது. ஆகவே நிலைக்கு Bevel மொடிஃபையரைப் போட்டு Amount-ஐ 0.5 மி.மீ., Segments-ஐ 3, Limit Method-ஐ Angle என்று வைக்கிறோம். போட்டும் ஒரு மாற்றமும் தெரியாது. என்னை நெடுநேரம் இழுத்தடித்த இடம் இதுதான், பலரும் நிற்பதும் இங்கேதான்.

காரணம் ஸ்கேல். பெரும்பாலும் நாம் 2 மீற்றர் கனசதுரத்தை எடுத்து, S அழுத்திச் சுருக்கி நிலை ஆக்குகிறோம். 100 மி.மீ. அகலம், 80 மி.மீ. தடிப்பு, 2.1 மீற்றர் உயரம் என்றால் ஸ்கேல் எண்கள் 0.05, 0.04, 1.05. மொடிஃபையர் அந்தச் சுருக்கத்துக்கு முந்திய வடிவத்தில் வேலை செய்கிறது. அதனால் நீங்கள் கொடுத்த 0.5 மி.மீ. அகலவாக்கில் 0.025 மி.மீ. ஆகிவிடும், உயரவாக்கில் மட்டும் 0.525 மி.மீ. ஆக நிற்கும். நீண்ட விளிம்பு கத்தியாகவே இருக்கும், மேல்முனையில் மட்டும் சாய்ந்த பட்டை ஒன்று தெரியும். அப்படித் தெரிந்தால் ஸ்கேல்தான் என்று முடிவுசெய்யலாம். N அழுத்தி Scale மூன்றும் 1.000 ஆக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் Object Mode-இல் Ctrl+A அழுத்தி Scale-ஐத் தேர்ந்தெடுங்கள். Object கோர்டினேட்டில் போட்ட மரக்கோடு இழுபட்டுத் தெரிவதற்கும் இதே காரணம்தான்.

ஸ்கேல் சரியான பிறகும் மழுங்கல் வரவில்லை என்றால் Clamp Overlap-ஐப் பாருங்கள். எங்கோ இரண்டு புள்ளிகள் நெருங்கிக் கிடந்தால், அந்த இடுக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு முழுப் பொருளின் மழுங்கலையும் அது குறைத்துவிடும். Merge by Distance போட்டு நெருங்கிய புள்ளிகளைச் சேர்த்துவிட்டால் போதும்.

அப்புறம் Shade Smooth கொடுத்து Harden Normals-ஐ இயக்குங்கள். இல்லாவிட்டால் தட்டையான பலகையின் மேல் சாம்பல் நிழல் ஒன்று வழிந்து நிற்கும். 4.1-க்கு முந்திய பதிப்பு என்றால் Auto Smooth-உம் போட்டிருக்கவேண்டும்.

ஒரே அளவு மழுங்கல் புதுக் கதவுக்குச் சரி. பழைய கதவில் கை படும் உயரத்தில் விளிம்பு 2, 3 மி.மீ. வரை உருண்டிருக்கும், தலைக்கு மேலே கூராக இருக்கும். கை படும் இடத்துக்குச் சில குறுக்கு வெட்டுகள் கொடுத்து, Proportional Editing-ஐப் போட்டு விளிம்பை உள்ளே தள்ளுங்கள்.

மூட்டுகள்

கதவின் குறுக்குச் சட்டத்து நாக்கு நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் போகிறது. நெடுஞ்சட்டம் மேலிருந்து கீழ்வரை முழுதாக ஓடும், குறுக்குச் சட்டம் அதில் வந்து நிற்கும். எனவே மரக்கோடு ஒன்றில் நிமிர்ந்தும் மற்றதில் படுத்தும் இருக்கவேண்டும். இரண்டையும் தனித்தனிப் பொருளாகச் செய்து நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். இரண்டு பிக்சல்தான், ஆனால் அந்தக் கோடு இல்லாவிட்டால் ஒரே பலகையில் கோடு போட்டு ஏமாற்றியதுபோல இருக்கும். இரு பக்க முனைகளையும் 0.3 மி.மீ. மழுக்கிவிடுங்கள்.

பித்தளை

திறாங்கின் தண்டு 12 மி.மீ. விட்டம் என்றால் உருளைக்கு எத்தனை பக்கம் வேண்டும்? 16 பக்கம் கொடுத்தால் உண்மையான வட்டத்திலிருந்து 0.115 மி.மீ. விலகும், அதாவது ஏறக்குறைய ஒரு பிக்சல். விரித்துப் பார்த்தால் பக்கங்கள் தெரியும். 32 கொடுத்தால் கால் பிக்சல்கூட இல்லை. அதோடு நிறுத்தலாம்.

தண்டுக்கும் அது ஓடும் வளையத்துக்கும் நடுவே அரை மில்லிமீற்றர் விடுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டவைத்ததுபோல இருக்கும், இடைவெளியில் நிழல் விழுந்தால்தான் அது நகரும் பொருள். திருகாணித் தலைகள் தகட்டின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். எல்லாத் தலைகளின் பிளவும் ஒரே திசையைப் பார்க்கக்கூடாது.

பழைய பித்தளை எங்கும் ஒரே மாதிரி மின்னாது. கை பிடிக்கும் குமிழில் Roughness 0.2, மற்ற இடங்களில் 0.45, மூலைகளில் நிறம் பழுப்பு. Metallic 1.0. இதெல்லாம் போட்டும் மஞ்சள் பெயின்ட் அடித்ததுபோல இருந்தால், அது எதையும் பிரதிபலிக்கவில்லை என்று அர்த்தம். உலோகம் காட்டுவது எதிரே இருப்பதைத்தான். கமராவுக்குப் பின்னால் முற்றத்து வெளிச்சத்துக்கு ஒரு பெரிய Area Light வையுங்கள். அதன் முன்னே தூண்களுக்குப் பதிலாக இரண்டு இருண்ட பலகைகளை நிறுத்துங்கள். வானப் படத்தை மட்டும் நம்புவதை விட இதுவே எனக்குப் பிடித்த வழி, நிழல் எங்கே விழவேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம்.

நிலை சுவரோடு சேரும் இடம்

நிலையைச் சுவருக்குள் குத்திவிட்டால் இரண்டு பரப்பும் வெட்டும் இடத்தில் கோடு போட்டதுபோல ஒரு நேர்விளிம்பு வரும். உண்மையில் அங்கே என்ன இருக்கிறது? மாரியில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும், சாந்து அப்படியே நிற்கும். அதனால் நிலையை ஒட்டி ஒரு மயிர்வெடிப்பு ஓடும்.

சாந்தின் ஓரத்தை மட்டும் தனிப் பட்டையாகச் செய்யுங்கள். நிலைக்கும் அதற்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி, 5 மி.மீ. ஆழம். ஓரம் நேராக ஓடாமல் ஒரு மி.மீ. அளவுக்கு அலையட்டும், சில இடங்களில் நிலையைத் தொட்டு வெடிப்பு மறையட்டும். 1 மி.மீ. என்றால் 7, 8 பிக்சல், வெடிப்பின் உள்ளேயும் பார்வை போகும். ஆகவே பின்பக்கத்தை அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மறு பக்க வெளிச்சம் கசிந்து வெள்ளைக் கோடாகத் தெரியும்.

உள்ளே அழுக்குக்கு Ambient Occlusion நோடைப் போட்டு Distance-ஐ 3 மி.மீ. வைத்து, இருண்ட இடத்தில் மண்பழுப்பைக் கலந்துவிடுங்கள்.

இன்னொன்று. வெள்ளை அடிப்பவரின் தூரிகை நிலையில் நேராக நிற்பதில்லை. மரத்தின் மேல் 2, 3 மி.மீ. ஏறி, மரத்தின் பள்ளத்தில் வெள்ளை தங்கியிருக்கும். Texture Paint-இல் ஒரு மாஸ்க் வரைந்து இதைச் செய்யலாம். சுவரும் மரமும் ஒரே வீட்டில் பல வருடம் இருந்தன என்பதை வேறு எதுவும் இவ்வளவு சுலபமாகச் சொல்லாது.

லென்ஸும் ரெண்டரும்

பின்னணி மங்கினால் அழகு என்று f/2.8 வைக்காதீர்கள். 600 மி.மீ. தூரத்தில் குவியத்திலிருந்து 10 மி.மீ. விலகிய இடம் 4 பிக்சல் மங்கும், செய்த விளிம்பெல்லாம் போய்விடும். f/11 என்றால் அதே இடத்தில் ஒரு பிக்சல். குவியத்தைத் திறாங்கின் முன்பக்கத்தில் வையுங்கள்.

குறைந்த சாம்பிளில் எடுத்து டினாய்சரிடம் கொடுத்தால் மரத்துளையும் சாந்தின் மணலும் மெழுகிவிடும். Noise Threshold 0.01 இருக்கட்டும். OpenImageDenoise-இல் Passes-ஐ Albedo and Normal, Prefilter-ஐ Accurate என்று வையுங்கள். முழுப் படம் எடுக்க முன், கமராப் பார்வையில் Ctrl+B அழுத்தித் திறாங்கைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டு எடுத்து, 200 வீதத்தில் பாருங்கள். முடிந்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவேண்டாம், அது சுருக்கிவிடும். டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள்.

பின்சேர்க்கை

மொடிஃபையருக்குப் பதிலாக Bevel நோடைப் போட்டால் என்ன என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள். திருகாணி போன்ற சின்னப் பொருள்களுக்கு நானும் அதையே போடுகிறேன். Radius-ஐ 0.0003 வைத்து, அதன் Normal-ஐ Principled BSDF-இன் Normal-இல் செருகினால் சரி. ஆனால் அது ஒளி விழும் விதத்தை மட்டும்தான் மாற்றும், வடிவத்தை மாற்றாது. வெள்ளைச் சுவருக்கு எதிராக நிற்கும் நிலையின் ஓரம் அப்போதும் கத்தியாகவே இருக்கும். Eevee-இல் அந்த நோட் வேலை செய்யாது, அதில் எடுப்பவர்கள் எல்லா இடத்துக்கும் மொடிஃபையரைத்தான் போடவேண்டும்.