வாராந்திரக் கூட்டத்தை நிரந்தரமாக வேறு நேரத்துக்கு மாற்றும்போது நடக்கும் தவறுகள்

எங்கள் குழுவின் வாராந்திரக் கூட்டத்தை ஒருமுறை நான்தான் வேறு நேரத்துக்கு மாற்றினேன். "அடுத்த வாரம் முதல் கூட்டம் புதன்கிழமை" என்று ஒரு வியாழக்கிழமை மாலை எழுதி அனுப்பினேன். அந்த வாரத்துத் திங்கள் கூட்டம் உண்டா என்று எழுதவில்லை. திங்கள் காலை மூன்று பேர் பழைய நேரத்துக்கு வந்து காத்திருந்தார்கள். புதன்கிழமை வேறு இரண்டு பேர் வரவில்லை, அது ஒரு வாரத்துக்கான மாற்றம் என்று நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் பெரிய தவறு, அதற்கு வேர் நான் சொன்ன காரணத்தில் இருந்தது. "இந்த மாதம் இருவர் விடுமுறையில் இருப்பதால்" என்று எழுதியிருந்தேன். விடுமுறை முடிந்தால் கூட்டமும் பழைய இடத்துக்குத் திரும்பும் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? முடிந்துபோகிற காரணத்தைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் 'நிரந்தரமாக' என்று சேர்த்தாலும் மனதில் நிற்பது காரணம்தான். நிரந்தர மாற்றத்துக்கு நிரந்தரமான காரணம் வேண்டும். எங்கள் விஷயத்தில் அப்படி ஒன்று இருந்தது: வார இறுதிக் கணக்குகள் செவ்வாய் மதியம்தான் முழுமையாக வரும். திங்கள் காலை பேசும்போது பாதி எண்களை வைத்து முடிவெடுத்து, புதன்கிழமை அதையே மாற்றிக்கொண்டிருந்தோம். விடுமுறை வெறும் சாக்கு, அதை எழுதியிருக்கவே வேண்டாம்.

"நிர்வாகக் காரணங்களால்" என்று மழுப்புவதும் உதவாது. காரணம் தெரியாவிட்டால் ஆளுக்கொரு ஊகம் கிளம்பும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குழுவில் ஒருவர் வீட்டுச் சூழல் காரணமாகக் காலையில் வர முடியவில்லை என்று உங்களிடம் தனியாகச் சொல்லியிருப்பார். அதை அறிவிப்பில் போட்டால், எல்லோருடைய நேரமும் அவரால்தான் மாறியது என்றாகிவிடும். "காலை 10 மணிக்கு எல்லோராலும் தவறாமல் வர முடிவதில்லை" என்பதே போதும். உண்மையும் அதுதான்.

அப்புறம் தேதி. 'அடுத்த திங்கள்', 'வரும் வாரம்' என்ற சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். பழைய நேரத்தில் கடைசிக் கூட்டம், புதிய நேரத்தில் முதல் கூட்டம், நடுவில் கூட்டம் இல்லாத நாள் ஏதாவது இருந்தால் அதுவும், என மூன்றையும் எழுதிவிட வேண்டும். இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நம் வாராந்திரக் கூட்டம் இனி நிரந்தரமாகப் புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடக்கும். வார இறுதிக் கணக்குகள் செவ்வாய் மதியம்தான் கிடைக்கின்றன, அவற்றை முழுமையாகப் பார்த்துவிட்டுப் பேசவே இந்த மாற்றம். பழைய நேரத்தில் கடைசிக் கூட்டம் பிப்ரவரி 23, திங்கள் காலை 10 மணி. மார்ச் 2, திங்களன்று கூட்டம் இல்லை. புதிய நேரத்தில் முதல் கூட்டம் மார்ச் 4, புதன் பிற்பகல் 3 மணி. அந்த நேரத்தில் உங்களுக்கு வேறு நிலையான வேலை இருந்தால் பிப்ரவரி 20, வெள்ளிக்குள் என்னிடம் சொல்லுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். முடிவெடுத்த பிறகு "இந்த நேரம் எல்லோருக்கும் சரியா?" என்று கேட்டால் அது மீண்டும் விவாதமாகிவிடும். கருத்துக் கேட்பதானால் அறிவிப்புக்கு முன்பே கேட்க வேண்டும். அறிவிப்பில் கேட்க வேண்டியது அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறதா என்பதை மட்டும், அதுவும் ஒரு கெடுவோடு. குழுவினர் வேறு வேறு நாடுகளில் இருந்தால், எந்த ஊரின் நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும். சில நாடுகளில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள், மற்ற நாடுகளில் அது இல்லை. அதனால் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் வருடத்தில் இரண்டு முறை மாறும்.

அறிவிப்பு சரியாக இருந்தும் காலண்டர் கெடுத்துவிடுவதுண்டு. கூகுள் காலண்டரில் தொடர் கூட்டத்தின் நேரத்தை மாற்றும்போது, எதற்கெல்லாம் இது பொருந்தும் என்று கேட்கும். `This event` என்றால் அந்த ஒரு வாரம் மட்டும் மாறும், அடுத்த வாரம் பழைய நேரமே திரும்ப வந்து நிற்கும். `All events` என்றால் நடந்து முடிந்த கூட்டங்களும் சேர்ந்து நகர்ந்துவிடும். புதிய நேரத்தின் முதல் கூட்டத்திலிருந்து `This and following events` என்பதே இங்கே பொருந்தும். பழைய தொடரை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கினால், வீடியோ அழைப்பின் இணைப்பும் புதிதாகிவிடும். குழு அரட்டையில் பழைய இணைப்பைப் பின் செய்து வைத்திருந்தால் சிலர் அதைத் திறந்து தனியாக உட்கார்ந்திருப்பார்கள். அதையும் அன்றே மாற்றிவிடுங்கள், அறை பதிவு செய்திருந்தால் அதையும்.

கூட்டம் இல்லாத அந்த முதல் திங்களன்று காலை 9:45-க்கு "இன்று கூட்டம் இல்லை, புதன் 3 மணிக்குச் சந்திப்போம்" என்று அரட்டையில் ஒரு வரி போடுங்கள். மின்னஞ்சலைத் திறக்காதவர்களும் அதைப் பார்த்துவிடுவார்கள்.