மிஞ்சின டிகாஷன்

காலையில் இறக்கிய டிகாஷனை நாலு மணிக்கு அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுப் பால் சேர்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மாட்டுத்தாவணியிலிருந்து வந்திறங்கிய அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா, கஷாயமா?" என்று டபராவைக் கீழே வைத்தார்.

தூள் மேல்தான் சந்தேகப்பட்டேன். புதுத்தூள் வாங்கியும் சாயங்காலக் காபி அதே கசப்பு, நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு. அப்புறம்தான் புரிந்தது. காபியில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம், சூட்டிலேயே கிடந்தால் குயினிக், கஃபீயிக் அமிலங்களாக உடைகிறது. அந்தக் கசப்பும் புளிப்பும் அதனால்தான். வாசனையோ முதல் கொதியிலேயே ஆவியோடு போய்விடும். சர்க்கரை கூடப் போட்டாலும் அது திரும்பாது.

இப்போது டிகாஷனை அடுப்பில் ஏற்றுவதே இல்லை. இறங்கியதும் சின்ன எவர்சில்வர் டப்பாவில் கழுத்துவரை ஊற்றி, ஆறியதும் இறுக மூடி பிரிட்ஜில் வைக்கிறேன். மேலே காற்றுக்கு இடம் விடக்கூடாது. சாயங்காலம் கால் டம்ளர் டிகாஷனை வெளியே எடுத்து வைத்து, பாலை மட்டும் பொங்கக் காய்ச்சி அதன்மேல் ஊற்றி ஆற்றினால் போதும். சூடு குறைவாகப் பட்டால் டப்பாவை வெந்நீரில் இரண்டு நிமிடம் நிறுத்துவேன்.

மறுநாள் காலைவரை நன்றாக இருக்கும். அதற்குமேல் வாசனை மட்டு. பால் கலந்த காபி கதை வேறு. மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுகிறேன், அம்மா முறைத்தாலும் சரி.