பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பத்தாம் வகுப்பில் ஒரு தேதி: எது செல்லும்?

அக்கா மகனுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது பிறப்புச் சான்றிதழில் 12.8.1996, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் 2.6.1996 என்று இருந்தது. பள்ளியில் சேர்க்க வயது போதாமல் ஜூன் மாதத்தைப் போட்டுவிடுவது அந்தக் காலத்தில் நம் பக்கம் சாதாரணம். அதைச் சரிசெய்த வரிசை இதுதான்.

முதலில் ஆவணங்களை இரண்டாகப் பிரித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழ்களும் ஒரு பக்கம். ஆதார், பான், வாக்காளர் அட்டை மறு பக்கம். இவற்றில் உள்ள தேதி பெரும்பாலும் வேறொரு ஆவணத்தைப் பார்த்தோ நாம் சொன்னதைக் கேட்டோ எழுதியது. ஆதாரைக் காட்டி வாதாடவே வேண்டாம். அது பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று ஆதார் ஆணையமே சொல்கிறது. 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது.

அடுத்து, பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியை மட்டும் பார்க்காமல் பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பலம் அங்கேதான் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் பதிவானது என்றால், ஐந்து வருடம் கழித்துப் பள்ளியில் எழுதியதைவிட அதற்கு மதிப்பு அதிகம். பள்ளியில் சேர்ந்த பிறகு, தாமதப் பதிவாக வாங்கியது என்றால் அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எங்களுடையது எட்டாம் நாளே பதிவானது. அதனால் அதையே அடிப்படையாக வைத்தோம்.

எங்களை நிறுத்தியது வேறு இடம். பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தோம். வேலைக்கு வெளிநாடு போகக் குடிபெயர்வுச் சோதனை தேவையில்லாத ECNR பிரிவுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் கொடுத்தோம். ஒரே கோப்பில் இரண்டு தேதிகள், விண்ணப்பம் அங்கேயே நின்றது.

பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு அதிலுள்ள தேதியை மாற்றப் பொதுவாக நீதிமன்றத் தீர்ப்பு கேட்பார்கள். சரியான தேதி இதுதான் என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்கும் விளம்புகை வழக்குக்கு மூன்று ஆண்டுக் காலக்கெடு உண்டு. அது எப்போது தொடங்குகிறது என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். பிறப்புப் பதிவேட்டின் நகல், மருத்துவமனைக் குறிப்பு இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்ததும் மதிப்பெண் சான்றிதழ், அப்புறம் ஆதார், பான், கடைசியில் பாஸ்போர்ட். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரு முறைதான் மாற்றலாம், அவசரப்பட்டு அதை முதலில் செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த கேள்விகளுக்காக. 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை, பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். தமிழக அரசு ஊழியர்கள் பணிப்பதிவேட்டுத் தேதியை மாற்ற, வேலையில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கில் சிக்கிய சிறுவரின் வயது என்றால் வரிசை தலைகீழ்: இளஞ்சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவு பள்ளிச் சான்றிதழை முதலில் கேட்கிறது, அது இல்லாதபோதுதான் பிறப்புச் சான்றிதழ்.