பழைய பத்திரங்களைத் தேதிவாரியாக அடுக்கும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு எழுதப்பட்டிருப்பதால், இப்பகுதியில் ஸ்கேன் செய்த ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குத் தேதிவாரியாகப் பெயர் மாற்ற ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதலில் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

கோப்பின் தேதியை எடுத்துக்கொள்வது அதற்கும் முந்தைய பிழை. அது ஸ்கேன் செய்த அல்லது நகலெடுத்த நாளே தவிர, பத்திரம் எழுதிய நாள் அன்று. ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்த்து, பழைய பெயரையும் புதிய பெயரையும் `list.csv` என்ற பட்டியலில் உள்ளிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டியலில் ஆண்டை மாற்றும்போது எல்லாவற்றோடும் 825-ஐக் கூட்டிவிடக் கூடாது. கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அப்போதிலிருந்து டிசம்பர் 31 வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். ஒரு வயலை 1110 ஆவணி இறுதியில் ஒற்றி வைத்து, அதே 1110 சித்திரையில் மீட்டார்கள் என்று கொள்வோம். முறையாகக் கணக்கிட்டால் ஒற்றி 1934 செப்டம்பர், மீட்பு 1935 ஏப்ரல். இரண்டுக்கும் 825-ஐக் கூட்டினாலோ ஒற்றி 1935 செப்டம்பருக்குப் போய், மீட்புச் சீட்டு அதற்கு முன்னால் வந்து நிற்கும். ஸ்கிரிப்ட் எந்தப் பிழையையும் காட்டாது. மீட்பு ஒற்றிக்கு முந்தியிருப்பதைக் கண்டுதான் நாம் உணர வேண்டும். மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழுவதால், அம்மாதப் பத்திரங்களைப் பஞ்சாங்கத்தோடு தனியே ஒப்பிடுவது நல்லது.

புதிய பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் `1935-04-22_Scan0417.pdf` என்று அமைத்தால் பெயர்வரிசையே தேதிவரிசையாகிவிடும். ஸ்கேன் எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டு பத்திரங்கள் பதிவாவது வழக்கம். எண் இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர் அமையும், `mv` எதுவும் கேட்காமல் முதலாவதன்மேல் இரண்டாவதை எழுதிவிடும். அந்தப் பத்திரத்தின் படம் அத்தோடு போய்விடும். ஆகையால் ஓட்டுவதற்கு முன் இரட்டைப் பெயர்களைத் தேடுங்கள்:

```
cut -d, -f2 list.csv | sort | uniq -d
```

இது எதையும் அச்சிடாமல் இருந்தால் மட்டுமே, மூலக் கோப்புறையின் நகல் ஒன்றில் அடுத்ததை ஓட்டலாம்:

```
while IFS=, read -r old new; do
  echo mv -n -- "$old" "$new"
done < list.csv
```

`echo` இருக்கும்வரை எதுவும் நகராது. வரும் வரிகளைப் படித்துப் பார்த்து, சரியென்று தெரிந்தபின் அச்சொல்லை நீக்குங்கள். `-n` இருப்பதால், அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அது அழியாது. பட்டியலை விண்டோஸ் கணினியில் சேமித்திருந்தால் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு, புதிய பெயரோடு சேர்ந்துவிடும். `ls -b` கட்டளையில் பெயரின் கடைசியில் `\r` என்று தெரிந்தால் காரணம் அதுதான். பட்டியலை `tr -d '\r'` வழியாகச் செலுத்தி வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, புதிதாக எடுத்த நகலில் மீண்டும் தொடங்குங்கள்.