படியும் பலமும் எழுதிய பழைய சமையல் சீட்டை கப், ஸ்பூன் அளவுக்கு மாற்றுவது எப்படி?

பழைய நோட்டுத் தாளை போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள். அதிலிருக்கும் அளவுகளைக் கொண்டு இன்று சமைக்க என்ன செய்ய வேண்டும் என்பதை எங்கள் வீட்டு அதிரசச் சீட்டை வைத்தே சொல்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

உ
அதிரசம்
பச்சரிசி ௧ படி
வெல்லம் ௨௰௫ பலம்
எள் ௧ பலம்
ஏலக்காய் அரை ரூபாய் எடை

முதலில், எண்களைப் படியுங்கள்

போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பழைய கையெழுத்தில் ௧ என்பது 1, ௨ என்பது 2, ௫ என்பது 5, ௰ என்பது 10. ௨௰௫ என்றால் இரண்டு பத்தும் ஐந்தும், அதாவது 25. தலைப்புக்கு மேலே தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை 2 என்று எடுத்துக்கொண்டு முதல் வரியோடு சேர்த்துவிட வேண்டாம். எண்ணெய்க் கறை பட்ட இடத்தில் சந்தேகம் வந்தால், தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து இன்னொரு போட்டோ எடுங்கள். பேனா அழுத்திய தடம் தெரியும்.

அடுத்து, எடைகளை மாற்றுங்கள்

எடையில் குழப்பம் குறைவு. ரூபாய் எடை என்பது அந்தக் கால வெள்ளி ரூபாயின் எடை. அதுதான் ஒரு தோலா, 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், அதாவது 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. ஆக வெல்லம் 875 கிராம், எள் 35 கிராம், ஏலக்காய் சுமார் 6 கிராம். ஏலக்காய் தோலோடு நிறுத்த எடை என்பதால், உரித்துப் பொடித்தால் இரண்டு டீஸ்பூன் அளவுக்குத்தான் வரும்.

உங்கள் சீட்டில் ‘சேர்’ இருந்தால் மட்டும் உஷார். சென்னைப் பக்கத்துக் கடைச் சேர் எட்டுப் பலம், 280 கிராம். எண்பது தோலா கொண்ட பெரிய சேரோ 933 கிராம்.

படிதான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம்

எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இது எங்கும் ஒன்றுதான். ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். சின்னப் படி சுமார் 1.34 லிட்டர். பட்டணம் படி சுமார் 1.7 லிட்டர். வீட்டில் பழைய படியோ ஆழாக்கோ பரணில் கிடந்தால் வேறு கணக்கே வேண்டாம். அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி லிட்டர்.

பாத்திரம் இல்லையா? சீட்டே சொல்லும். அதிரசத்துக்கு ஒரு கிலோ பச்சரிசிக்கு வெல்லம் முக்கால் கிலோவுக்குக் குறையாமல் போடுவது வழக்கம். ஒரு லிட்டர் பச்சரிசி ஏறக்குறைய 820 கிராம். சின்னப் படி என்றால் அரிசி 1.1 கிலோ, அதற்கு 875 கிராம் வெல்லம் சரியாகப் பொருந்துகிறது. பட்டணம் படி என்றால் அரிசி 1.4 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். அதே வெல்லம் போதாது, அதிரசம் வெடிக்கும். ஆகவே எங்கள் சீட்டில் இருப்பது சின்னப் படி என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு படிக்கும் நான் சொன்னது தலைதட்டிய அளவு. கோபுரமாகக் குவித்து அளக்கும் வழக்கம் உள்ள வீடென்றால் அரிசி இன்னும் கூடும், பெரியவர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஒரு கப்புக்குச் சுருக்குங்கள்

240 மில்லி கப்பில் சின்னப் படி சுமார் ஐந்தரைக் கப். எல்லாவற்றையும் ஐந்தரையால் வகுத்தால், ஊறவைக்கும் முன் அளந்த ஒரு கப் பச்சரிசிக்குத் தட்டிய வெல்லம் 160 கிராம், எள் இரண்டு டீஸ்பூன், ஏலப்பொடி கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல். வெல்லத்தை மட்டும் தராசில் நிறுத்தே போடுங்கள். உதிரியாக நிரப்புவதற்கும் அழுத்தி நிரப்புவதற்கும் ஒரே கப்பில் 50 கிராம் வரை வித்தியாசம் வரும்.

இந்த ஒரு கப்பில் செய்து பாருங்கள். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலில் உருண்டு வர வேண்டும். பாகு சரியாக இருந்தும் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனால் வெல்லம் அதிகம், ஓரம் வெடித்துக் கல்லாக நின்றால் குறைவு. அடுத்த முறை வெல்லத்தை 10 கிராம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பொருந்திய அளவைப் புதுத் தாளில் எழுதும்போது ‘சின்னப் படி, 1.34 லிட்டர்’ என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதே நோட்டில் உள்ள முறுக்குக்கும் சீடைக்கும் அந்தப் படிதான் கணக்கு.