தக்காளித் தோலில் வழுக்கும் கத்தியைக் கல்லில் தீட்டுவது எப்படி?

புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும் கறுப்பு இரட்டைக் கல் மண்வெட்டிக்குப் போதும், கறிக்கத்திக்கு அது மிகவும் கரடு. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 கிரிட் உள்ள நீர்க்கல்லைத் தேடி வாங்குங்கள்; கிரிட் எண் கூடக் கூடக் கல் நயமாகும். கூரை உண்டாக்குவது 1000. அது விட்ட கீறல்களை மெலிதாக்குவது மட்டுமே 3000இன் வேலை. மழுங்கிய கத்தியை நேரே 3000இல் வைத்தால் பளபளக்கும், வெட்டாது. கத்தியின் வாயில் பல் விழுந்திருந்தால் மட்டும் 400இல் தொடங்குங்கள்.

ஊறவைக்கும் வகைக் கல்லானால், குமிழி நிற்கும்வரை தண்ணீரில் வையுங்கள். பிறகு ஈரத்துணியின் மேல் அசையாமல் இருத்துங்கள்.

இனிக் கோணம். பாகைமானி தேவையில்லை. கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகை வரும். அதாவது, 45 மிமீ அகலக் கத்திக்கு 15 மிமீ. நாலில் ஒரு பங்கென்றால் 15 பாகைக்குச் சற்றுக் குறைவு. நம் குசினிகளில் உள்ள சாதாரண எவர்சில்வர் கத்தி மென்மையானது, அத்தனை மெல்லிய வாய் வைத்தால் சீக்கிரம் மடங்கிவிடும். 20 தான் என் சிபாரிசு.

கோணம் சரிதானா என்று பார்க்க, வாயோரத்தில் மார்க்கர் பேனையால் மை பூசி நாலு தரம் தேயுங்கள். மை வாயின் விளிம்பில் எஞ்சினால் முதுகைச் சற்று உயர்த்துங்கள். மேற்பக்கம் எஞ்சினால் தாழ்த்துங்கள்.

இப்போது 1000இல், பிடியோரத்திலிருந்து நுனிவரை ஒரே பக்கத்தைத் தேயுங்கள். நுனி வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்த வேண்டும். கல்லில் ஊறும் கறுத்த சேற்றைக் கழுவாதீர்கள், தீட்டுவதில் அதற்கும் பங்குண்டு. எத்தனை தரம் என்று எண்ணுவதில் பயனில்லை, பிசிறைத் தேடுங்கள்; தேய்க்கும்போது வாயோரத்தில் மறுபக்கமாக மடிந்து எழும் மெல்லிய உலோக விளிம்புதான் அது. மறுபக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகும்படி மெல்ல இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும். கூரையே எட்டித் தேய்த்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். வாய் முழுக்க அது வரவேண்டும். பெரும்பாலும் பிடியோரத்திலும் நுனியிலும் வராது; அங்கே மட்டும் இன்னும் தேயுங்கள். பிறகு கத்தியைத் திருப்பி, இந்தப் பக்கத்திலும் பிசிறு எழும்வரை அதே வேலை.

கல்லைப் புரட்டி 3000க்குப் போகும்போது உயரத்தை மாற்றாதீர்கள். தாழ்ந்தால் கூரையே தொடாது, உயர்ந்தால் அதை மழுக்கிவிடும். இரு பக்கமும் தேய்த்தபின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றி இழுங்கள். கடைசி இழுப்புகளில் கத்தியின் பாரம் மட்டுமே போதும். இதை அவசரப்படுத்தினால் பிசிறு தங்கிவிடும். அந்தக் கத்தி முதல் நாள் பயங்கரக் கூராக இருக்கும், இரண்டு நாளில் பிசிறு மடங்கி மழுங்கும்.

பழைய பத்திரிகைத் தாளை வெட்டிப் பாருங்கள். தாள் கிழிபடும் இடத்துக்கு நேரே வாயில் பிசிறு மிச்சமிருக்கக்கூடும். அந்த இடத்தை மட்டும் 3000இல் மெல்ல இழுத்துவிட்டு, தக்காளிப்பழத்தை எடுக்கலாம்.